மாலதி, செல்வம் கூட்டாண்மை: நீ அனுப்பிய கணக்குக்கு முழு விடை

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு நீ படம் எடுத்து அனுப்பிய பக்கத்தை இன்று காலையில்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று முறை போட்டும் புத்தகத்தின் விடை வரவில்லை என்று எழுதியிருந்தாய். பென்சிலில் போட்டுப் பார்த்ததை அழிக்காமல் அப்படியே படம் எடுத்தது நல்லது. எங்கே தடம் மாறியது என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

முதலில் கணக்கை நான் படித்தபடி எழுதுகிறேன். படத்தில் உன் கட்டைவிரலின் நிழல் ஒரு தேதியின் மேல் விழுந்திருக்கிறது. நாம் இருவரும் ஒரே கணக்கைத்தான் படிக்கிறோம் என்பது உறுதியாக வேண்டும்.

மாலதியும் செல்வமும் இலாபத்தை 3:2 என்ற விகிதத்தில் பகிரும் கூட்டாளிகள். 1.4.2023 அன்று அவர்களது முதல் முறையே ரூ.4,00,000, ரூ.2,50,000. மாலதி 1.10.2023 அன்று ரூ.1,00,000 கூடுதல் முதல் கொண்டு வந்தார். ஒப்பாவணத்தின்படி முதல் மீது வட்டி ஆண்டுக்கு 6%, எடுப்புகள் மீது வட்டி ஆண்டுக்கு 12%. செல்வத்துக்கு மாதம் ரூ.3,000 ஊதியம் உண்டு. மாலதி ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் ரூ.5,000 எடுத்தார். செல்வம் 30.6.2023 அன்று ரூ.10,000, 30.11.2023 அன்று ரூ.15,000, 31.1.2024 அன்று ரூ.12,000 எடுத்தார். இவற்றைச் சரிக்கட்டுவதற்கு முன், 31.3.2024 அன்று முடிந்த ஆண்டின் இலாபம் ரூ.1,92,360. இலாபநட்டப் பகிர்வு கணக்கையும், மாறுபடும் முதல் முறையில் முதல் கணக்குகளையும் தயாரிக்க வேண்டும். பக்கத்தின் அடியில் உள்ள விடை: இலாபப் பங்கு மாலதிக்கு ரூ.72,000, செல்வத்துக்கு ரூ.48,000.

நிழல் விழுந்த தேதி, மாலதி கூடுதல் முதல் கொண்டு வந்த நாள். படத்தில் அது 1.10 என்றும் படிக்கலாம், 1.1 என்றும் படிக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஜனவரி என்றால் மாலதியின் பங்கு ரூ.72,900 வருகிறது, அக்டோபர் என்றால் ரூ.72,000. ஆகவே அக்டோபர்தான். புத்தகம் உன் கையில் இருக்கிறது, ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொள்.

முதல் மீது வட்டி

மாலதிக்கு நீ ரூ.5,00,000-க்கு ஓராண்டு வட்டி போட்டு ரூ.30,000 எழுதியிருக்கிறாய். அந்த இலட்சம் ரூபாய் நிறுவனத்தில் இருந்தது அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் மட்டுமே. வராத பணத்துக்கு வட்டி இல்லை.

4,00,000 × 6/100 = 24,000
1,00,000 × 6/100 × 6/12 = 3,000
மாலதிக்கு மொத்தம் ரூ.27,000

ஆண்டு முழுவதும் செல்வத்தின் முதல் மாறவில்லை. 2,50,000 × 6/100 = ரூ.15,000. இதை நீ சரியாகவே போட்டிருக்கிறாய்.

எடுப்புகள் மீது வட்டி

மாலதி எடுத்த மொத்தத் தொகை ரூ.60,000. அதற்கு நீ ஆறு மாத வட்டி போட்டு ரூ.3,600 எழுதியிருக்கிறாய். மாதத்தின் நடுவில் எடுத்திருந்தால் அது சரி. இங்கே எடுத்தது மாதத்தின் முதல் நாளில். ஏப்ரல் 1 அன்று எடுத்த ஐந்தாயிரம் 12 மாதம் வெளியே இருந்தது, மே மாதத்து ஐந்தாயிரம் 11 மாதம். இப்படியே குறைந்துகொண்டு வந்து, மார்ச் 1 அன்று எடுத்தது 1 மாதம். 12, 11, 10 என்று 1 வரை கூட்டினால் 78. பன்னிரண்டு தவணைகளுக்கு 78 மாதம் என்றால் சராசரி ஆறரை மாதம். மாதக் கடைசியில் எடுத்திருந்தால் 11 முதல் 0 வரை கூட்டி 66 வரும், சராசரி ஐந்தரை. ஆறரை, ஆறு, ஐந்தரை என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் தேர்வறையில் எது எதற்கு என்று குழம்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நீ 78-ஐக் கூட்டக் கற்றுக்கொண்டால் போதும், காலாண்டுக்கு ஒரு முறை எடுத்தார் என்று கணக்கு வந்தாலும் தடுமாற மாட்டாய்.

60,000 × 12/100 × 6.5/12 = ரூ.3,900

செல்வம் எடுத்த தொகைகளும் வேறு வேறு, இடைவெளிகளும் வேறு வேறு. இதற்குப் பெருக்குத்தொகை முறை ஏற்றது. எடுத்த நாளிலிருந்து 31.3.2024 வரை எத்தனை மாதம் என்று எண்ணித் தொகையோடு பெருக்க வேண்டும்.

| எடுத்த நாள் | தொகை ரூ. | மாதங்கள் | பெருக்குத்தொகை ரூ. |
|---|---|---|---|
| 30.6.2023 | 10,000 | 9 | 90,000 |
| 30.11.2023 | 15,000 | 4 | 60,000 |
| 31.1.2024 | 12,000 | 2 | 24,000 |
| மொத்தம் | 37,000 | | 1,74,000 |

1,74,000 × 12/100 × 1/12 = ரூ.1,740. இதிலும் உன் விடை சரி.

இலாபநட்டப் பகிர்வு கணக்கு

பெரிய தவறு இங்கேதான். எடுப்புகள் மீது வட்டியை நீ பற்றுப் பக்கத்தில் போட்டு இலாபத்திலிருந்து கழித்திருக்கிறாய். வட்டி என்றாலே செலவு என்று கை தானாகப் போயிருக்கும். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார். முதல் மீது வட்டியை நிறுவனம் கூட்டாளிக்குக் கொடுக்கிறது. ஆகவே அது இலாபத்திலிருந்து போகும். எடுப்புகள் மீது வட்டியைக் கூட்டாளி நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். ஆகவே அது நிறுவனத்துக்கு வருமானம், வரவுப் பக்கத்தில் இலாபத்தோடு சேரும். முதல் கணக்கில் இரண்டும் இடம் மாறும்: முதல் மீது வட்டி வரவில், எடுப்புகள் மீது வட்டி பற்றில்.

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| முதல் மீது வட்டி: மாலதி | 27,000 | இலாபநட்டக் கணக்கிலிருந்து இலாபம் | 1,92,360 |
| முதல் மீது வட்டி: செல்வம் | 15,000 | எடுப்புகள் மீது வட்டி: மாலதி | 3,900 |
| ஊதியம்: செல்வம் | 36,000 | எடுப்புகள் மீது வட்டி: செல்வம் | 1,740 |
| இலாபப் பங்கு: மாலதி (3/5) | 72,000 | | |
| இலாபப் பங்கு: செல்வம் (2/5) | 48,000 | | |
| மொத்தம் | 1,98,000 | மொத்தம் | 1,98,000 |

1,98,000-இல் 78,000 போனால் மீதி 1,20,000. அதுதான் பகிர வேண்டிய இலாபம். உனக்கு 1,06,020 வந்து, பங்குகள் 63,612, 42,408 என்று நின்றதற்குக் காரணம் மேலே சொன்ன மூன்று பிழைகளும் சேர்ந்ததுதான்.

எடுப்புத் தொகைகளான 60,000-மும் 37,000-மும் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை, கவனித்தாயா? அவை நேராக முதல் கணக்குக்குப் போகின்றன. அவற்றின் வட்டி மட்டுமே இங்கே வருகிறது.

முதல் கணக்குகள்

| | மாலதி ரூ. | செல்வம் ரூ. |
|---|---|---|
| தொடக்க இருப்பு 1.4.2023 | 4,00,000 | 2,50,000 |
| வங்கி (கூடுதல் முதல்) | 1,00,000 | – |
| முதல் மீது வட்டி | 27,000 | 15,000 |
| ஊதியம் | – | 36,000 |
| இலாபப் பங்கு | 72,000 | 48,000 |
| வரவு மொத்தம் | 5,99,000 | 3,49,000 |
| எடுப்புகள் | 60,000 | 37,000 |
| எடுப்புகள் மீது வட்டி | 3,900 | 1,740 |
| பற்று மொத்தம் | 63,900 | 38,740 |
| இறுதி இருப்பு 31.3.2024 | 5,35,100 | 3,10,260 |

இடம் கருதி ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன். விடைத்தாளில் பற்று இடப்புறம், வரவு வலப்புறம் என்று இரண்டு பத்திகளாகவே போடு. இறுதி இருப்பு பற்றுப் பக்கத்தில் வரும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு இறுதி இருப்புகளையும் கூட்டினால் 8,45,360. இப்போது வட்டி, ஊதியம், விகிதம் எல்லாவற்றையும் மறந்துவிடு. தொடக்க முதல் 6,50,000, புதிதாக வந்தது 1,00,000, சம்பாதித்தது 1,92,360, எடுத்தது 97,000. கூட்டிக் கழித்தால் அதே 8,45,360. உன் பங்கீடு தவறாக இருந்தாலும் இந்தக் கூட்டுத்தொகை சரியாக வரலாம் என்பதையும் நினைவில் வை. ஒரு பதிவு விடுபட்டதா, பக்கம் மாறியதா என்பதைத்தான் இது காட்டிக்கொடுக்கும்.

அந்தச் சரிபார்ப்பு ஏன் வேலை செய்கிறது என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை. வட்டியும் ஊதியமும் வெளியாட்களுக்குப் போகும் பணம் அல்ல. மாலதிக்கு வட்டியும் பங்கும் சேர்ந்து 99,000, அதில் எடுப்பு வட்டி 3,900 போக 95,100. செல்வத்துக்கு அதே போலக் கணக்கிட்டால் 97,260. இரண்டும் சேர்ந்தால் 1,92,360, ஒரு ரூபாய் கூடக் கூடவோ குறையவோ இல்லை. அதிக முதல் போட்டவர், அதிக உழைப்பு போட்டவர், முன்கூட்டியே பணத்தை எடுத்துக்கொண்டவர் என்று மூன்றையும் எடை போட்டு, இருக்கிற இலாபத்தைத்தான் இருவருக்குள் நகர்த்துகிறோம். இங்கே செல்வத்தின் ஊதியத்தை மட்டும் நீக்கிப் பார்: மாலதிக்கு 1,16,700, செல்வத்துக்கு 75,660 வரும். மாதம் மூவாயிரம் என்ற ஒரு வரி இருவரின் நிலையையே மாற்றிவிடுகிறது.

ஒப்பாவணமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி இலாபம் சமமாகப் பகிரப்படும், ஊதியம் கிடையாது. முதல் மீது வட்டியும், எடுப்புகள் மீது வட்டியும் போடக் கூடாது. ஆளுக்கு 96,180 கிடைக்கும். முதலுக்கு மேல் கூட்டாளி கடனாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. கூடுதல் முதலையும் கடனையும் ஒன்றாக எண்ணிவிடாதே. மாலதி கொண்டு வந்தது முதல் என்று கணக்கிலேயே சொல்லியிருக்கிறது.

கடைசியாக, அதே பக்கத்தில் அடுத்த கணக்கு நிலை முதல் முறையைக் கேட்கிறது. அதைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கையே அந்த முறையில் ஒரு தடவை போட்டுப் பார். முதல் கணக்கில் மாலதிக்கு 5,00,000, செல்வத்துக்கு 2,50,000 மட்டும் நிற்கும். மற்றவை எல்லாம் நடப்புக் கணக்குக்குப் போகும். அங்கே மாலதிக்கு 35,100, செல்வத்துக்கு 60,260 வரவு இருப்பு வர வேண்டும். வராவிட்டால் பென்சில் எழுத்தோடு மறுபடியும் படம் எடுத்து அனுப்பு. இந்த முறை பகல் வெளிச்சத்தில், பக்கத்தை மேசை மேல் விரித்து வைத்து எடு.