காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் அபிடவிட்: அ.வ. எண் 148/2022

இராமநாதபுரம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம்

இடைநிலை மனு எண் 212/2024
அசல் வழக்கு எண் 148/2022

சே. முனியசாமி ... மனுதாரர் / பிரதிவாதி

எதிராக

கா. இராமலிங்கம் ... எதிர்மனுதாரர் / வாதி

1963-ஆம் வருடத்திய காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இன் கீழ் மனுதாரர் தாக்கல் செய்யும் அபிடவிட்

இராமநாதபுரம் மாவட்டம், இராமநாதபுரம் தாலுகா, தேவிபட்டினத்தில் வசிக்கும் சேதுவின் மகன், சுமார் 44 வயதுள்ள, மீன்பிடித் தொழில் செய்யும் இந்து முனியசாமி ஆகிய நான் சத்தியமாகவும் உண்மையாகவும் உறுதியளித்துக் கூறுவதாவது:

1. நான் மேற்படி மனுவில் மனுதாரர்; அசல் வழக்கில் பிரதிவாதி. வழக்கின் சங்கதிகள் எனக்கு நேரடியாகத் தெரியும். எனவே இந்த அபிடவிட்டைத் தாக்கல் செய்ய எனக்குத் தகுதியுண்டு.

2. எதிர்மனுதாரர் நண்டு வியாபாரி. 2019-இல் வலை வாங்குவதற்காக அவரிடம் நான் பணம் வாங்கி, கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது உண்மை. அதன் பேரில் வட்டியும் முதலுமாக ரூ.1,85,000/- கேட்டு இந்த வழக்கைப் போட்டுள்ளார். நான் வழக்கறிஞர் மூலம் ஆஜராகி 2023-இல் எதிருரை தாக்கல் செய்தேன். கரையில் நண்டு போடும் ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் பிடித்தம் செய்துகொண்டார் என்பதும், கடனில் பெரும்பகுதி அப்படியே கழிந்துவிட்டது என்பதும் என் எதிர்வாதம். பிடித்தம் குறித்த பற்று வரவு நோட்டு என்னிடம் இருக்கிறது. சில பக்கங்களில் எதிர்மனுதாரரே தன் கைப்பட எழுதிய கணக்கும் உள்ளது.

3. பாக் நீரிணைப் பக்கம் நாட்டுப்படகுக்கு நண்டு வரத்து குறைந்துவிட்டதால், 2024-இல் கூலிக்கு வெளிக்கடல் போக வேண்டியதாயிற்று. கேரளாவில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூலை 31-இல் முடிந்ததும், 03.08.2024 அன்று முனம்பம் துறைமுகத்துக்குப் போய் ஒரு படகில் வேலைக்குச் சேர்ந்தேன்.

4. வழக்கு 20.08.2024 அன்று விசாரணைக்கு வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை. 12.08.2024-இல் கடலுக்குப் போன படகு 17-ஆம் தேதி கரைக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள். வந்ததும் ஊருக்குத் திரும்பிக் கோர்ட்டுக்கு வந்துவிடலாம் என்று நம்பினேன். ஆனால் மீன் பாடு கிடைத்ததால் தங்கல் நீண்டு, படகு 22.08.2024 அன்றுதான் துறைமுகம் சேர்ந்தது. அன்றே என் வழக்கறிஞரின் குமாஸ்தாவைப் போனில் கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். 24-ஆம் தேதி மறுபடி கடலுக்குப் போய்விட்டோம். அதற்குள் 20.08.2024 அன்றே என் மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகியிருந்தது எனக்குத் தெரியாது.

5. 02.09.2024 அன்று வலை ஏற்றும்போது வின்ச் கயிற்றில் என் இடது கை சிக்கி, மணிக்கட்டுக்கு மேல் எலும்பு முறிந்தது. மடியில் வைத்திருந்த செல்போன் அந்தத் தள்ளாட்டத்தில் கடலில் விழுந்துவிட்டது. வழக்கறிஞர் நம்பர் அதில்தான் இருந்தது. கரைக்குக் கொண்டுவந்து ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 14.09.2024 வரை உள்நோயாளியாக இருந்தேன். அப்புறமும் வாரம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாலும், செலவைப் படகுக்காரர் அங்கேதான் கொடுத்ததாலும், உடன் வேலை செய்தவர்களின் அறையில் தங்கினேன். 24.10.2024 அன்று மாவுக்கட்டு பிரித்தார்கள். 25-ஆம் தேதி இரவு புறப்பட்டு 26.10.2024 அன்று ஊர் வந்து சேர்ந்தேன். மருத்துவமனை விடுவிப்புச் சீட்டின் நகல் இத்துடன் தாக்கல் செய்யப்படுகிறது.

6. நான் இல்லாதபோது, 09.10.2024 அன்று எதிர்மனுதாரரின் வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீஸ் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து வைக்கும் இடத்தில் ரேகை வைத்து வாங்கி, நான் வந்தால் கொடுக்கலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். உறையை நான் வந்து பிரித்துப் படித்தபோதுதான் தீர்ப்பாகிவிட்டது என்பதையே அறிந்தேன்.

7. 28.10.2024 திங்கட்கிழமை வழக்கறிஞரைப் பார்த்தேன். மறுநாளே சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்தேன். இடையில் தீபாவளி விடுமுறை வந்தது. நகல் 12.11.2024 அன்று கிடைத்தது. 18.11.2024 அன்று இந்த மனுவைத் தாக்கல் செய்கிறேன்.

8. தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோரும் 30 நாள் கெடு 19.09.2024-உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பின் ஏற்பட்ட தாமதம் 60 நாட்கள். அதில் 20.09.2024 முதல் 25.10.2024 வரை 36 நாட்கள் கை முறிவுச் சிகிச்சை; 26.10.2024 முதல் 29.10.2024 வரை 4 நாட்கள் ஊர் திரும்பி வழக்கறிஞரைக் கண்டு நகல் மனுப் போட்டது, 30.10.2024 முதல் 12.11.2024 வரை 14 நாட்கள் நகலுக்குக் காத்திருந்தது, 13.11.2024 முதல் 18.11.2024 வரை 6 நாட்கள் மனு தயாரித்தது. தாமதம் வேண்டுமென்று செய்ததல்ல. கடனை இழுத்தடிக்க எனக்கு எந்த ஆசையும் இல்லை. கட்டியதைக் கட்டியதாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

9. தாமதம் மன்னிக்கப்படாவிட்டால், நோட்டில் உள்ள பிடித்தக் கணக்கை ஒரு முறை கூடக் காட்ட முடியாமல் முழுத் தொகையையும் கட்ட நேரிடும். அது எனக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம். மனு அனுமதிக்கப்பட்டால் எதிர்மனுதாரருக்கு ஏற்படும் சிரமத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் செலவுத்தொகையைக் கட்டத் தயாராக இருக்கிறேன். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்ய உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-இன் கீழ் தனி மனுவும் தனி அபிடவிட்டும் இத்துடன் தாக்கல் செய்துள்ளேன்.

10. மேற்சொன்ன காரணங்கள் பிரிவு 5-இன்படி போதிய காரணமாகும் என்று என் வழக்கறிஞர் கூறும் ஆலோசனையின் பேரில் நம்புகிறேன்.

ஆகவே சமூகம் நீதிமன்றம் தயவு செய்து, அசல் வழக்கு எண் 148/2022-இல் 20.08.2024 தேதியிட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கோரும் மனுவைத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட 60 நாட்கள் காலதாமதத்தை மன்னித்து, நியாயமெனக் கருதும் இதர உத்தரவுகளையும் பிறப்பிக்குமாறு பிரார்த்திக்கிறேன்.

(ஒப்பம்) சே. முனியசாமி
மனுதாரர்

சரிபார்ப்பு

பத்தி 1 முதல் 5 வரையிலும், பத்தி 7 மற்றும் 9-இலும் கண்டவை என் சொந்த அறிவின்படி உண்மை. பத்தி 4-இல் தீர்ப்பாணை ஆன தேதி மட்டும் நீதிமன்ற ஆவணத்திலிருந்து அறிந்தது. பத்தி 6-இல் தபால் வந்த நாளும் வாங்கிய விதமும் என் மனைவி சொல்லித் தெரிந்தவை, உண்மையென நம்புகிறேன். நோட்டீஸைப் பிரித்துப் படித்தது நானே. பத்தி 8-இல் உள்ள நாள் கணக்கு, சான்றிட்ட நகலையும் மருத்துவமனைச் சீட்டையும் வைத்துப் பார்த்தது. பத்தி 10 சட்ட ஆலோசனையின் பேரில் நம்புவது. எதையும் மறைக்கவில்லை. இதற்கு இராமநாதபுரத்தில் 18.11.2024 அன்று கையொப்பம் செய்கிறேன்.

(ஒப்பம்) சே. முனியசாமி
மனுதாரர்

இந்த அபிடவிட் 4 பக்கங்கள் கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் மனுதாரர் கையொப்பம் உள்ளது. 2-ஆம் பக்கம் பத்தி 5-இல் "12.09.2024" என்பது அடிக்கப்பட்டு "14.09.2024" எனத் திருத்தப்பட்டு, ஓரத்தில் மனுதாரர் சுருக்கொப்பம் இட்டுள்ளார். வேறு திருத்தம் இல்லை.

மேற்படி மனுதாரருக்கு இந்த அபிடவிட் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, அதன் உள்ளடக்கம் புரிந்து சரியென ஒப்புக்கொண்டு, 2024-ஆம் வருடம் நவம்பர் மாதம் 18-ஆம் தேதி இராமநாதபுரத்தில் என் முன்னிலையில் உறுதிமொழி எடுத்து, வலது கையால் கையொப்பம் செய்தார்.

என் முன்பாக
(ஒப்பமும் முத்திரையும்)
நோட்டரி, இராமநாதபுரம்

(ஒப்பம்)
மனுதாரர் வழக்கறிஞர்