புவித்தட்டுகள் நகர்கின்றன என்று எப்படித் தெரியும்? உரைக்குப் பின் எழுத வேண்டிய கேள்விகள்

உரை முடிந்ததும் நாற்பது நிமிடம் தருகிறேன். கையிலுள்ள வரைபடங்களைப் பார்த்தே எழுதலாம். நான் சொன்னதை அப்படியே திருப்பி எழுத வேண்டாம். ஒவ்வொரு விடையிலும் எது கண்ணால் கண்டது, எது கருவியால் அளந்தது, எது அவற்றிலிருந்து நாம் ஊகித்தது என்று பிரித்துக் காட்டுங்கள். அதற்குத்தான் மதிப்பெண்.

1. உலக நிலநடுக்க வரைபடத்தில் புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. நாடா போல வரிசையாக ஓடுகின்றன. “நிலநடுக்கங்கள் தட்டுகளின் விளிம்பில்தான் நிகழ்கின்றன, ஆகவே தட்டுகள் இருப்பது உறுதி” என்கிறார் ஒருவர். அந்த விளிம்புகளை வரைந்ததே பெரும்பாலும் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் என்றால், அவர் வாதத்தில் என்ன கோளாறு? நிலநடுக்கத்தைத் தொடாமல், விளிம்பு அங்கேதான் இருக்கிறது என்று காட்டக்கூடிய இரண்டு சான்றுகளைச் சொல்லுங்கள்.

2. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், நகருக்கு வடக்கே ஒரு பண்ணையின் வேலி பிளவுக் கோட்டில் அறுந்து, ஒரு பாதி சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி நின்றது. படத்தை உற்றுப் பாருங்கள்: இரு பாதிகளும் கிட்டத்தட்ட நேராகவே இருக்கின்றன, அறுந்த இடம் மட்டும் விலகியிருக்கிறது. பாறை பல ஆண்டுகளாக மெல்ல வளைந்து, தாங்க முடியாத கட்டத்தில் முறிந்து நிமிர்ந்தது என்பது ஹாரி ரீட் தந்த விளக்கம்.

அ) வேலி மட்டும் கிடைத்திருந்தால், ‘பல ஆண்டுகளாக’ என்ற சொல்லுக்கு ஆதாரம் உண்டா?

ஆ) நிலநடுக்கத்துக்கு முன்பே பல பத்தாண்டுகளாக எடுத்து வைத்திருந்த நில அளவைகளும் ரீடிடம் இருந்தன. அவை வேலி சொல்லாத எதைச் சொல்கின்றன?

3. ஜப்பானை ஒட்டிய கடல் அகழியருகே நடுக்கங்கள் ஆழம் குறைவாக நிகழ்கின்றன. ஆசியக் கண்டத்தின் பக்கம் போகப் போக ஆழம் கூடுகிறது. உலகில் சில இடங்களில் இது ஏறத்தாழ 700 கி.மீ. வரை போகிறது. அந்த ஆழத்தில் பாறை சூட்டில் இளகி மெல்ல நெளிய வேண்டுமே தவிர, நடுங்கக் கூடாது. அப்படியிருந்தும் நடுக்கம் வருகிறது என்பது அங்கே இருக்கும் பொருளின் வெப்பநிலையைப் பற்றி என்ன உணர்த்துகிறது? சாய்வாக இறங்கும் இந்தப் புள்ளிகளை ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரையுங்கள்.

4. எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, பொறுமையாகச் செய்யுங்கள். நடுக்கடல் மலைத்தொடரை ஒட்டிய கடல்தரைப் பாறையில், மாறி மாறி எதிர்த்திசையில் காந்தமேறிய பட்டைகள் இருப்பதை வைத்து, 1963-இல் வைனும் மேத்யூஸும் கடல்தரை விரிகிறது என்று வாதிட்டார்கள். இந்தக் காந்தப் பட்டைகள் தொடரின் இரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒத்திருப்பது பின்னர் உறுதியானது. புவியின் காந்தத் திசை கடைசியாகத் தலைகீழானது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அந்த மாற்றத்தின் தடம் மலைத்தொடரின் அச்சிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 10 கி.மீ. தொலைவில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

அ) இரு பக்கமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை செ.மீ. விரிகிறது?

ஆ) வட அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை செ.மீ. விலகுவதாக ஜிபிஎஸ் காட்டுகிறது. ஒன்று லட்சக்கணக்கான ஆண்டுகளின் சராசரி, மற்றொன்று சில பத்தாண்டு அளவீடு. இரண்டும் ஒத்துப்போவதால் எந்த மாற்று விளக்கம் அடிபடுகிறது?

இ) காந்த மாற்றங்களின் காலத்தைத் தரையிலுள்ள எரிமலைப் பாறைகளின் வயதிலிருந்து கணித்தார்கள். கடல்தரைப் பட்டைகளின் அகலத்திலிருந்தே கணித்திருந்தால் (அ)-வின் விடைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

5. 1912-இல் வெகனர் கண்டங்கள் நகர்ந்தன என்றார். ஆழமற்ற உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்ந்த மீசோசாரஸ் என்ற ஊர்வனவின் புதைபடிவம் தென் அமெரிக்காவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தது. இடையில் நிலப்பாலம் இருந்து மூழ்கிவிட்டது என்றனர் மற்றவர்கள். இந்தப் புதைபடிவம் மட்டும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுமா? ஓரிரு வாக்கியம் போதும்.

6. 1700 ஜனவரியில் ஜப்பான் கரையை ஒரு சுனாமி தாக்கியது. அங்கே யாரும் நடுக்கத்தை உணரவில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், உப்புநீர் புகுந்து பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வளையங்கள் 1699-இன் வளர்பருவத்தோடு நின்றுவிட்டன. இரண்டும் ஒரே நிலநடுக்கத்தின் விளைவு என்பது விளக்கம். வளையங்கள் 1690-இல் நின்றிருந்தால் இந்த விளக்கம் என்ன ஆகியிருக்கும்?

7. 1811–12-இல் அமெரிக்காவின் நியூ மாட்ரிட் பகுதியில், தட்டின் விளிம்பிலிருந்து வெகு தொலைவில், பெரும் நடுக்கங்கள் வந்தன. இது தட்டுக் கோட்பாட்டைப் பொய்யாக்குகிறதா, அல்லது அதன் ஒரு கூற்றை மட்டும் திருத்தச் சொல்கிறதா? எந்தக் கூற்றை என்று எழுதுங்கள். பின்னர், எந்த ஓர் அளவீடு கிடைத்தால் கோட்பாட்டையே நீங்கள் கைவிடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.