நூல் வாசிப்பு நிகழ்வுக்கு அழைப்பு

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் புதிய சிறுகதைத் தொகுப்பின் இரண்டு படிகளும் வந்த நாள் முதல் எங்கள் நூலக அலமாரியில் தங்கவில்லை. முன்பதிவில் இன்னும் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் நடுவே உங்கள் கதையை நீங்களே வாசிக்க வேண்டுமென விரும்பி அழைக்கிறோம்.

மார்ச் 14, சனிக்கிழமை மாலை 5 முதல் 6.30 வரை, முதல் தளக் கூடத்தில் நிகழ்வு. அன்று இயலாதென்றால் 21ஆம் தேதி அதே நேரத்துக்குக் கூடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறோம். இருக்கைகள் அறுபது. 4.30க்கு வந்துவிட்டால் ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அறிமுகம் 5 நிமிடம்தான். வாசிப்புக்கு 30 நிமிடம்: 15 நிமிடப் பகுதிகள் இரண்டு, நடுவில் கதை பிறந்த விதம் பற்றி 10 நிமிடப் பேச்சு. ஒரே மூச்சில் அரை மணி நேரம் வாசித்தால் கேட்பவர் கவனம் நழுவிவிடுகிறது. உரையாடல் மிகுந்த பகுதிகள் செவிக்கு நன்றாகப் பிடிபடும். ஒருமுறை வீட்டில் வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்துவிடுங்கள். மேடையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். கதையின் முடிவை வாசிக்க வேண்டாம், பலர் இன்னும் படிக்கவில்லை.

கேள்வி நேரம் 25 நிமிடம். நுழைவிலேயே துண்டுச்சீட்டு கொடுப்போம். கூச்சப்படுபவர்களின் நல்ல கேள்விகள் அதில்தான் வரும். நேரடிக் கேள்விக்கு ஒருவருக்கு ஒன்று. கையில் பிடிக்கும் ஒலிவாங்கி எங்கள் உதவியாளரிடமே இருக்கும். கை மாறினால் கேள்வி சொற்பொழிவாகிவிடும். எதைப் பற்றிப் பேச விருப்பமில்லையோ அதை முன்பே சொன்னால் நெறியாளர் பார்த்துக்கொள்வார்.

மீதி 20 நிமிடம் கையெழுத்துக்கும் விற்பனைக்கும். உங்கள் பதிப்பகம் விற்காததைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டில் 40 படிகள் அனுப்பினால் போதும். படிகள் மார்ச் 12க்குள் வரட்டும். அன்றைய தினம் வந்து சேராத கட்டுதான் வழக்கமான சிக்கல். பெட்டியை இருவர் எண்ணி, ரசீதில் எண்ணிக்கையை எழுதிக் கையொப்பமிடுவோம். விற்பனை முடிந்ததும் மிச்சப் படிகளையும் பணத்தையும் அதே ரசீதோடு ஒப்பிட்டு அன்றே ஒப்படைப்போம். நூலகம் கழிவு எதுவும் எடுப்பதில்லை. தள்ளுபடி உண்டா என்பதைப் பதிப்பகம் முடிவு செய்து எழுத்தில் தெரிவிக்கட்டும். மேசையில் பேரம் பேசும் நிலை வரக்கூடாது. பதிப்பகத்தால் இயலாது, உங்கள் சொந்தப் படிகளையே கொண்டுவருகிறீர்கள் என்றாலும் இதே கணக்குமுறைதான். சில்லறையும் கைபேசி வழிப் பணம் பெறும் ஏற்பாடும் எங்கள் பொறுப்பு.

விற்பனை மேசை வாசலருகே, கையெழுத்து மேசை அதற்கு அடுத்து. வாங்குபவர் பெயரைச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துத் தருவோம். சண்முகமா ஷண்முகமா என்று நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போக்குவரத்துச் செலவும் மதிப்பூதியமும் நிகழ்வு முடிந்ததும் வழங்கப்படும். ஒலிப்பதிவு செய்யலாமா என்பதையும், உங்களுக்கு ஏற்ற தேதியையும், வாசிக்கவிருக்கும் கதையின் பெயரையும் பிப்ரவரி 20க்குள் தெரிவித்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

அன்புடன்,
நூலகர்
வாசகர் வட்டத்தின் சார்பில்