நிலையம் 7: தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டல்

இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்கான மாதிரி ஓஸ்கி செய்முறைத் தேர்வு, காரைக்குடி. கதவுத்தாள் படிக்க 1 நிமிடம், உள்ளே 8 நிமிடம். மதிப்பெண் 20.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. “தப்பா எதுவும் யோசிக்கலையே?” என்பார்கள். “இல்லை” என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதையே கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அதை உடைக்கத்தான் இந்த நிலையம். மாணவர் நேராகக் கேட்கிறாரா, கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்பவை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கதவில் ஒட்டும் தாள்

நீங்கள் புறநோயாளிப் பிரிவில் பயிற்சி மருத்துவர். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்யும் 46 வயதுக்காரர், மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்று மனைவியோடு வந்திருக்கிறார். அவரிடம் பேசி, அவர் உயிருக்கு உள்ள ஆபத்தை மதிப்பிடுங்கள். கடைசி ஒரு நிமிடத்தில் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள். உடல் பரிசோதனை வேண்டாம்.

நோயாளியாக நடிப்பவருக்கு

கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றும் வேலை உங்களுக்கு. ஆர்டர் குறைந்துவிட்டது, வட்டி ஏறுகிறது, இடுப்பு வலி விடவில்லை. விரல் நகத்தில் உலர்ந்த சிவப்புச் சாயம் இருக்கட்டும். பேசும்போதெல்லாம் அதைச் சுரண்டிக்கொண்டே இருங்கள். இரண்டாம் நிமிடத்துக்குள், “தூங்கி எந்திரிச்சு என்ன ஆகப் போகுது, இனி இருந்து என்னத்துக்கு” என்று ஒரே ஒருமுறை சொல்லுங்கள். மாணவர் அதைத் தாண்டிப் போனால் திரும்பச் சொல்ல வேண்டாம்.

சுற்றி வளைத்துக் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி.” மாணவி என்றால் “பாப்பா”. மனைவி அறையில் இருக்கும்வரை எப்படிக் கேட்டாலும் அதே பதில்தான். தனியாக இருக்கும்போது நேராகக் கேட்டால், சுரண்டுவதை நிறுத்துங்கள். ஐந்து நொடி பேசாதீர்கள். அப்புறம் உண்மையைச் சொல்லலாம்: இரண்டு வாரமாக ராத்திரியில் அந்த நினைப்பு வருகிறது, எப்படி என்றும் யோசித்தாயிற்று, அதற்கானது வீட்டில் இருக்கிறது, நாள் எதுவும் குறிக்கவில்லை. முன்பு முயன்றதில்லை. ஒரு மாதமாகக் குடி கூடியிருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகளை நினைத்துத்தான் நிற்கிறீர்கள்.

தேர்வாளர் சரிபார்ப்புத் தாள்

☐ தன்னை அறிமுகம் செய்து, மனைவியைப் பக்குவமாக வெளியே உட்காரச் சொல்கிறார் (2)
☐ “இருந்து என்னத்துக்கு” என்ற சொல்லைப் பிடித்து, அதிலிருந்தே மேலே கேட்கிறார் (3)
☐ “உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைப்பு வந்திருக்கா?” என்பது போல ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்கிறார் (4)
☐ எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, வழி யோசித்தாரா, நாள் குறித்தாரா, செய்தே தீர வேண்டும் என்று இருக்கிறாரா (4)
☐ முந்தைய முயற்சி, குடி (2)
☐ ஆபத்தான பொருள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா, அதை யார் அப்புறப்படுத்துவார் (2)
☐ எது அவரைப் பிடித்து நிறுத்துகிறது (1)
☐ தனியே அனுப்பாமல் மூத்த மருத்துவரை அழைப்பதாகவும், வீட்டாரிடம் எதைச் சொல்ல வேண்டிவரும் என்றும் விளக்கி, டெலி மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண் 14416-ஐயும் கொடுக்கிறார் (2)

மூன்றாவது கட்டத்தில் சுழி என்றால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் தேர்ச்சி இல்லை. கடுமை என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் மற்றவை வெறும் நலம் விசாரிப்பு. ‘தற்கொலை’ என்ற சொல்லே வர வேண்டும் என்பதில்லை. சாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நோயாளிக்குப் புரிந்தால் போதும்.

மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாவற்றுக்கும் வேர். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது.

அந்த ஐந்து நொடி அமைதியைத் தாங்க முடியாமல், “சரி, பசி எப்படி இருக்கு?” என்று தாவிவிடுகிறார்கள். வாய் திறக்கப் போனவர் மறுபடி நகத்தைச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார். இதை அவசியம் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

“பொண்ணை நினைச்சுப் பாருங்கண்ணே, இப்படிப் பேசலாமா?” இது பாசத்தில் வருவதுதான். அவருக்கோ பழி சொல்வதுபோல் கேட்கும். மகளைப் பற்றி அவரே சொல்லட்டும்.

“போலீஸ் கேஸ் ஆயிடும்” என்று மிரட்டுபவர்களும் உண்டு. எண்ணம் குற்றமே இல்லை. முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்வது இன்னொன்று. காப்பாற்ற முடியாத வாக்கு அது.

நடிப்பவரும் மாணவரும்

இப்படி ஓர் இழப்பைச் சமீபத்தில் பார்த்தவரை நடிக்க அழைக்காதீர்கள். முதல் நாளே தனியாகக் கேட்டுவிடுங்கள். ஆறு மாணவருக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். முடிந்ததும் சாயத்தைக் கழுவச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டு, டீ கொடுத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். நிலையத்துக்குள் ஒரு மாணவர் கலங்கினால் மணியை நிறுத்திவிடலாம். மதிப்பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவரிடமும் இதே கேள்வியை நேராகக் கேளுங்கள்.