மூன்று தலைமுறைப் பெயர்

கன்னிகாதானத்துக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது, மணவறையில் மாமியோடு அமர்ந்திருந்த மாமா பின்பக்கம் திரும்பி, "பூட்டனாரின்ட பேரை அப்பாவிட்டக் கேட்டு எழுதித் தா எண்டனானே, எங்க பிள்ளை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆரணிக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது.

அவள் மறக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்பாவின் குரல் பதிவு முதல்நாள் இரவு பதினொரு மணிக்கே தோஹாவிலிருந்து வந்திருந்தது. காலையில் எழுந்ததும் கேட்டு எழுதிவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டில் விளக்கெரியத் தொடங்கிவிட்டது. அக்காவின் கூறைச்சேலையை மடிப்பெடுத்து, பெரியம்மாவுக்கு ஊசி தேடிக் கொடுத்து, பூத்தட்டுகளை வானில் ஏற்றி, வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டியிருந்த மண்டபத்துக்கு வந்து சேர்வதற்குள், பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தியின் நினைவில் நிற்கக்கூடியதைவிட அதிகமான காரியங்கள் நடந்து முடிந்திருந்தன.

அந்தப் பெயரை வேறு எவரிடமும் கேட்க முடியாது என்பதுதான் சிக்கல். அப்பாவின் பக்கத்தில் மூத்தவர்கள் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. மட்டுவிலில் இருந்த அவர்களுடைய வீடு, 2000ஆம் ஆண்டு சாவகச்சேரிப் பகுதி முழுவதும் போரில் சிதைந்தபோது கூரையும் சுவரும் இல்லாமல் போனது. உறுதிகளும் குறிப்பேடுகளும் இருந்த தகரப் பெட்டியும் அதோடு போயிற்று. ஊரில் பூட்டனாரை எல்லாரும் 'கந்தர்' என்றே அழைத்ததாக அம்மாவுக்குத் தெரியும். ஆனால் ஐயர் தந்தை, பேரன், பூட்டன் என மூன்று தலைமுறையின் முழுப் பெயரையும் மும்முறை உச்சரித்தே பெண்ணைத் தாரைவார்ப்பார். அங்கே அழைப்புப் பெயரைச் சொல்ல மாமாவுக்கு மனம் வரவில்லை.

அப்பாவே அமரவேண்டிய இடம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பை, சென்ற ஆண்டு அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவர் எடுத்து முடித்திருந்தார். மறுபடியும் கேட்டபோது வேலையிடத்தில் மறுத்துவிட்டார்கள். இதையெல்லாம் வந்தவர் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அன்று காலை, பன்னீர் தெளித்துக்கொண்டு வாசலில் நின்ற ஆரணியின் காதுபட, மாப்பிள்ளையின் பெரியத்தை பக்கத்தில் இருந்தவரிடம், "மகளின்ட கலியாணத்துக்கும் வராத தகப்பன்" என்று சொல்லிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆரணி அந்த அம்மையாரின் மயில்கழுத்து நிறச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணவறையின் பின்னால், பூச்சரங்கள் கட்டிய மரச்சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கக்கூடிய இடம் இருந்தது. அவள் அங்கே ஒதுங்கி, இயர்பட்ஸை எடுத்துக் காதுகளில் பொருத்திக்கொண்டு, அப்பாவின் பதிவைத் தொட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சார்ஜ் குறைந்துவிட்டதோ என்று நினைத்து ஒலியளவை உச்சம்வரை கூட்டினாள். பதிவை ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் தொட்டாள்.

முதல்நாள் மாலை அலங்கார வேலை நடந்தபோது, மண்டபத்தின் ஒலிபெருக்கிகளைச் சோதிப்பதற்காகச் சவுண்ட்காரரான நுவன் அவளுடைய போனை வாங்கி, மிக்சரோடு பொருத்தியிருந்த புளூடூத் பெட்டியில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்திருந்தார். ஒருமுறை இணைந்த கருவியைப் போன் மறப்பதில்லை. மேளகாரர்கள் சற்று இளைப்பாறியதால், இடைவெளியில் நாதஸ்வர இசைப் பதிவொன்றைப் போடலாம் என்று எண்ணி அவர் அந்தப் பெட்டியை இயக்கிய அதே நேரத்தில்தான், ஆரணி மணவறைக்குப் பின்னால் நின்று இயர்பட்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இயர்பட்ஸ் இணைந்த மறுகணமே பெட்டியும் போனோடு இணைந்துவிட்டது. இப்படி இரண்டு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணையும்போது, பெரும்பாலும் கடைசியாக வந்ததற்கே போன் ஒலியைக் கொடுத்துவிடும். ஆரணி திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பதிவின் நீளத்தை மட்டுமே பார்த்தாள். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

"குஞ்சு, சாப்பிட்டியளோ எல்லாரும்?"

அப்பாவின் குரல் காதுக்குள் கேட்கவில்லை. மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்தது. முந்நூறு பேரின் பேச்சு ஒரேயடியாக அடங்கியது. பந்தி மண்டபத்திலிருந்து பாத்திரம் ஒன்று வைக்கப்படும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்டது. ஆரணியின் பெருவிரல் நிறுத்தும் குறியின்மேல் போய் நின்றது.

"மாமா பேர் கேட்டவர் எண்டு சொன்னனி. எழுதிக்கொள். தாளில எழுது, போனில வேண்டாம். அப்பான்ர பேர் உனக்குத் தெரியும், கணேசமூர்த்தி. அப்பப்பா சின்னத்தம்பி…"

பூச்சரங்களின் இடுக்கு வழியே மணவறை தெரிந்தது. மாமா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயர் கையில் எடுத்த தர்ப்பையை அப்படியே வைத்திருந்தார். அவர் முகத்தில் வியப்போ சினமோ இல்லை. பெயரைச் சொல்லவேண்டியவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளவேண்டியது தன் கடமை என்பதுபோல் அவர் அமர்ந்திருந்தார். ஆரணி விரலை எடுத்துக்கொண்டாள்.

"…பூட்டனார் கதிர்காமர். ஊரில கந்தர் எண்டுதான் சொல்லுவினம், ஆனால் அது பேரில்லை. கதிர்காமர். ஐயர் மூண்டு தரம் சொல்லுவார், மூண்டு தரமும் அந்தப் பேர் வரவேணும்."

ஐயர் தலையசைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தேவையானது கிடைத்துவிட்டது. மிச்சம் அவளுக்கென்று மட்டும் அனுப்பப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மறுபடியும் பெருவிரலைத் திரைக்குக் கொண்டுபோனவள், சட்டத்தின் ஓரமாக எட்டி அம்மாவைப் பார்த்தாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மாவின் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவேயில்லை. தூணில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கியை, ஓர் ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தின் பின்கோடியில் மிக்சரின் முன்னால் இருந்த நுவனுக்குத் தமிழ் அவ்வளவாக விளங்காது. வெளிநாட்டிலிருந்து யாரோ உறவினர் வாழ்த்து அனுப்பியிருக்கிறார், அதைத்தான் இந்தப் பிள்ளை போடுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அறையொன்றில் மற்றவர்களின் உறக்கம் கெடாமல் மெதுவாகப் பேசியிருந்த அந்தக் குரல் போதிய அளவு கேட்கவில்லை என்று கண்டு, அவர் ஒலியை இன்னும் சற்று உயர்த்திவிட்டார்.

"இன்னொண்டு, குஞ்சு. அக்காவுக்கு இதைச் சொல்லாத. சொன்னால் மணவறையில இருந்து அழுவாள். முகூர்த்தம் பத்துப் பன்னிரண்டு எண்டால் இங்க ஏழு நாற்பத்திரண்டு. ஆறு மணிக்கே வேலை துவங்கியிடும். நான் பொறுப்பாளரிட்டப் பத்து நிமிசம் கேட்டு வச்சிருக்கிறன். ஸ்டோருக்குப் பின்னால ஒரு வேம்பு நிக்குது, அதுக்குக் கீழ நிண்டால் சிக்னல் கொஞ்சம் எடுக்கும். படம் வேண்டாம், படம் நிண்டு நிண்டுதான் வரும். நீ சும்மா கோல் எடுத்து, மேளகாரருக்குக் கிட்டப் போனைப் பிடி. கெட்டிமேளம் கேட்டால் எனக்குக் காணும். நான் அங்க நிண்டு கும்பிடுவன். சரியோ? மறந்திடாத. பேரையும் மறந்திடாத. வைக்கிறன்."

சிறு கரகரப்போடு பதிவு முடிந்தது. வெளியே கரையோரப் பாதையில் புகையிரதம் ஒன்று அளுத்கம பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை மண்டபத்தில் எவரும் பேசவில்லை.

ஆரணி அந்த மரச்சட்டத்துக்குப் பின்னாலேயே நின்றாள். வெளியே வருவதற்குக் கால் எழவில்லை. அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்ட ஒரே விடயத்தை அவள் முந்நூறு பேருக்குச் சொல்லிவிட்டாள். தவறுதலாகத் தொடங்கியது என்று சொல்லலாம். தொடர்ந்தது தவறுதலாக அல்ல. அக்காவின் முதுகு மட்டுமே அவளுக்குத் தெரிந்தது. குனிந்திருந்த தலை நிமிரவில்லை. தோழியாக நின்ற மச்சாள் கைக்குட்டையை அவசரமாக நீட்டுவதும், அதை வாங்காமல் அக்கா கையசைத்து மறுப்பதும் தெரிந்தது.

ஐயர்தான் முதலில் பேசினார். மாமாவைப் பார்த்து, "பேர் வந்திட்டுது, கையை வையுங்கோ" என்றார். பிறகு மந்திரம் தொடங்கியது. கதிர்காமரின் பூட்டப்பிள்ளை, சின்னத்தம்பியின் பேத்தி, கணேசமூர்த்தியின் புத்திரி என்று வடமொழியில் அவர் முதன்முறை சொன்னபோது மாமாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. இரண்டாம் முறை அம்மாவின் உதடுகள் அசைந்ததை ஆரணி கண்டாள். மூன்றாம் முறை அவளும் வாய்க்குள் சொன்னாள். தாளில் எழுதவேண்டிய தேவை அதற்குப் பிறகு இருக்கவில்லை.

கூறை மாற்றி அக்கா திரும்பி வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. ஆரணி புளூடூத்தை அணைத்துவிட்டு, மேளகாரர்கள் இருந்த பக்கம் போக முயன்றாள். அங்கே போகும் வழியெல்லாம் நாற்காலிகளும் படப்பிடிப்பாளரின் விளக்குக் கம்பங்களும் அடைத்திருந்தன. பத்து எட்டு. பத்து ஒன்பது. நெருக்கத்தில் யாரோ அவள் முழங்கையைப் பிடித்தார்கள். திரும்பினால், மயில்கழுத்து நிறச் சேலை.

"இப்பிடி வா பிள்ளை" என்று சொல்லித் தன் நாற்காலியைத் தூக்கி ஒருபக்கம் போட்டுவிட்டு, முன்னால் நின்ற இரண்டு இளைஞர்களையும் விலகச் சொல்லி, மாப்பிள்ளையின் பெரியத்தை அவளைத் தவிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "நேரம் போகுது, கோலை எடு" என்றார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. ஆரணியும் கேட்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார். வண்டியொன்று பின்னோக்கி நகரும்போது எழும் விட்டுவிட்டு ஒலிக்கும் ஓசை அவருக்குப் பின்னால் கேட்டது.

"அப்பா, கதைக்காதீங்கோ, கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் போனைத் தவிலுக்கு நேராக நீட்டினாள். தவில்காரர் அவளைப் பார்த்தார்; போனையும் பார்த்தார். ஐயர் கையை உயர்த்தினார். அதன்பின் எழுந்த கெட்டிமேளத்தில் அட்சதை விழுந்ததோ, அக்காவின் கழுத்தில் தாலி ஏறியதோ ஆரணியின் கண்ணில் படவில்லை. நீட்டிய கை நடுங்காமல் இருக்கவேண்டும் என்பதிலேயே அவள் முழுக் கவனமும் இருந்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் அந்தத் தவில் முழங்கியது.

ஓய்ந்ததும் போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா, நீங்கள் ராத்திரி அனுப்பினது ஸ்பீக்கரில போயிட்டுது. நான் தெரியாமல் போட்டிட்டன். பிறகு நிப்பாட்டியிருக்கலாம், நிப்பாட்டயில்லை. மண்டபத்தில எல்லாரும் கேட்டவை. அக்காவும் கேட்டவ."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த வண்டியின் ஓசையும் நின்றுவிட்டிருந்தது.

"பேரைப் பிழையில்லாமல் சொன்னனானே?" என்று கேட்டார்.