நிவேதாவின் வழக்குரை காதைக் கட்டுரைக்கு

திருகோணமலை
வியாழன் இரவு

அன்புள்ள நிவேதா,

உமது கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். புள்ளி 25க்கு 11. அதைப் பார்த்ததும் உமது முகம் சுருங்கும் என்று தெரியும், அதனால்தான் இந்தக் கடிதத்தையும் கொப்பிக்குள் வைக்கிறேன். எழுத்துப் பிழை அதிகமில்லை. நடையும் நன்றாக ஓடுகிறது. கதையில் ஒரு சம்பவம்கூட இடம் மாறவில்லை. பிரச்சினை வேறு இடத்தில்.

வினாவை மறுபடி பாரும்: வழக்குரை காதையில் கண்ணகியின் வாதத்திறனை ஆராய்க. நீரோ புகாரில் கல்யாண வீட்டில் தொடங்கியிருக்கிறீர். மாதவி, கானல்வரி, கவுந்தியடிகள், மாதரி வீடு, பொற்கொல்லன் என்று எல்லோரையும் பார்த்துவிட்டுக் கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வர நான்காம் பக்கம் ஆகிவிட்டது. வந்த பிறகாவது பேசவிட்டீரா? "பின்னர் கண்ணகி கோபத்துடன் உண்மையைக் கூறினாள்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டீர். வினா கேட்பது அந்த ஒரு வசனத்தைத்தான், பிள்ளை.

கிழக்கில் வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடுகிறார்கள். கோவலனுக்கு என்ன நடந்தது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடைத்தாள் திருத்துகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் உம்மிடம் கதை கேட்க உட்காரவில்லை. அந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதை நீர் கண்டுபிடித்தீரா என்றுதான் பார்ப்பார்.

ஓர் இடத்தை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். "யாரையோ நீ" என்று பாண்டியன் கேட்கிறான். பெயரைச் சொன்னால் போதும். அவள் முதலில் சொல்வது "தேரா மன்னா". அப்புறம் தன் ஊரைச் சொல்கிறாள், அதையும் நேராகச் சொல்லவில்லை. புறாவின் துயர் தீர்த்த சோழனின் ஊர், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் ஊர் என்கிறாள். பெயர் வருவது கடைசியில். நீர் இதற்கு "தன்னை அறிமுகப்படுத்தினாள்" என்று எழுதினீர். அறிமுகமா அது? சிலம்பைக் காட்டுவதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வாசித்தாகிவிட்டது. ஒரு பசுவின் முறைப்பாட்டை விசாரித்த அரசன் அங்கே, ஒரு மனிதனை விசாரிக்காமல் கொன்ற அரசன் இங்கே. அதுவும் பாண்டியனின் சபையில் நின்றுகொண்டு சோழனை அளவுகோலாக எடுக்கிறாள். இதில் மட்டும் ஒரு நல்ல பந்தி இருக்கிறது.

சிலம்பு உடையும் இடத்தில் "மாணிக்கம் தெறித்தது, மன்னன் அதிர்ந்தான்" என்கிறீர். சரி, நடந்தது அதுதான். ஆனால் ஒழுங்கைக் கவனியும். உடைப்பதற்கு முன்பே தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்லிவிடுகிறாள். எங்களுடையது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். இனி எது தெறித்தாலும் அவன் பின்வாங்க முடியாது. இன்னொன்று, அந்த இடத்தில் அவள் அவனைக் "கொற்கை வேந்தே" என்று அழைக்கிறாள். கொற்கை எதற்குப் பெயர் போன துறைமுகம்? புலவர் வேண்டுமென்றுதான் வைத்தாரா என்று நீரே வாதாடிப் பாரும். எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன்.

மூன்றாம் பக்க ஓரத்தில் ஒரு வசனம் எழுதிவிட்டுப் பேனையால் வெட்டியிருக்கிறீர்: "பாண்டியன் விசாரிக்காதது பிழை, ஆனால் பிழை தெரிந்தவுடன் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்கிறான்." ஏன் வெட்டினீர்? முழுக் கட்டுரையிலும் உமது சொந்த மூளை பேசியது அங்கேதான். "யானோ அரசன் யானே கள்வன்" என்று எதிராளியையே சொல்லவைத்த வாதம் அது. முடிவுரைக்கு வேறெங்கும் போகவேண்டாம்.

"பின்னர்", "அதன் பிறகு" என்று தொடங்கும் பந்திகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அவை கதை நகரும் இடங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வசனமாக்கும், அதற்கு மேல் வேண்டாம். அரண்மனை வாயிலிலேயே தொடங்கும். மேற்கோள் காட்டினால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடாமல், அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்று எழுதும்.

சனிக்கிழமைக்கு முழுக் கட்டுரை தேவையில்லை. ஊர் சொல்லும் இடத்துக்கு ஒரு பந்தி, சிலம்புக்கு ஒரு பந்தி, வெட்டிய வசனத்தை விரித்து இன்னொன்று. நிலாவெளி பஸ் பிந்தினால் பதற வேண்டாம், வகுப்பு முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருப்பேன்.

அன்புடன்,
ரீச்சர்