ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு இடம் கேட்டு ஒரு கடிதம்

வீரவநல்லூர்
24 நவம்பர் 2025

அனுப்புநர்:
சு. காந்திமதி, பி.காம்.,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
ஆடிட்டர் ஐயா அவர்கள்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பொருள்: தங்கள் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு இடம் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீரவநல்லூரில் தாங்கள் தணிக்கை செய்யும் அரிசி மில்லில் கணக்கு எழுதும் பெண் நான்தான். தங்கள் அலுவலகத்திலிருந்து இருப்பு சரிபார்க்க வந்தவர்களுக்கு மூட்டைகளை எண்ணிக் காட்டியிருக்கிறேன். தங்களை நேரில் சந்தித்ததில்லை. இந்த மாதம் வந்த முடிவில் சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டாம் குரூப்பும் தேறிவிட்டேன். வரும் தை மாதம் முதல் தங்களிடம் ஆர்ட்டிகிளாகச் சேர விரும்பி இதை எழுதுகிறேன்.

படிப்பு விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பி.காம். பட்டத்தை 78 சதவீதத்துடன் முடித்தேன். பட்டதாரிகளுக்கான நேரடிச் சேர்க்கையில் இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்து, 2025 மே மாதம் முதல் குரூப்பையும் செப்டம்பரில் இரண்டாவதையும் எழுதினேன். முதல் குரூப்பில் 168, இரண்டாவதில் 174. வரி 67, தணிக்கை 66. காஸ்டிங்கில் 47தான், சட்டத்தில் 49. பயிற்சிக்கு முன் முடிக்க வேண்டிய ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். வகுப்பின் இரண்டு பகுதிகளும் முடிந்துவிட்டன. மதிப்பெண் பட்டியலும் சான்றிதழ்களும் இணைப்பில் உள்ளன.

மில்லில் நான் செய்வது காலை நேர வேலை. பட்டப்படிப்பு முடிந்ததும் சேர்ந்தேன். காலையில் மில், மதியத்துக்கு மேல் படிப்பு என்று ஓடியது. டாலியில் பதிவு, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டுவது, பேங்க் ஒப்புநோக்கு, கூலிப் பட்டியல் எல்லாம் என் பொறுப்பு. 25 கிலோ சிப்பத்துக்கு ஐந்து சதவீத வரி, 26 கிலோவுக்கு வரி இல்லை என்று இரண்டு வகையும் ஒரே கிட்டங்கியில் கிடக்கிற மில் அது. எந்த உள்வரி எதற்கு, இரண்டுக்கும் பொதுவான செலவில் எவ்வளவைத் திருப்ப வேண்டும் என்று மாதாமாதம் பிரித்தெழுதித்தான் விதி 42 எனக்குப் பிடிபட்டது. புத்தகத்தில் அந்தச் சூத்திரத்தை வாசித்தபோது தலைகால் புரியவில்லை என்பது வேறு கதை.

தங்களிடம் வர நினைத்ததற்குக் காரணம், இந்த வருடத் தணிக்கையின்போது தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கேள்விப் பட்டியல். முதலாளி படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் இருந்தது. அதில் ஒரு கேள்வி: "கார் பருவ நெல்லில் நூறு கிலோவுக்கு 71 கிலோ அரிசி கண்டிருப்பதாக இருப்புப் புத்தகம் சொல்கிறது. இது எப்படி?" முதலாளிக்கு ஒரே சந்தோஷம், மில் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கமாக எங்களுக்கு 65, 66தான் காணும். புது மெஷினும் வாங்கவில்லை, நெல்லும் அதே அம்பை வட்டாரத்து நெல்தான்.

எடைச்சீட்டுகளை எங்கள் மில்லில் கம்பியில் குத்தி வைப்பார்கள். அந்தக் கம்பிகளை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில சீட்டுகளின் மூலையில் பென்சிலால் 'கூ' என்று போட்டிருந்தது. எடைமேடைக்காரரிடம் கேட்டால், "அது கூலி அரவைம்மா, நம்ம நெல்லு இல்ல" என்றார். விஷயம் இதுதான். ஊர்க்காரர்கள் சாப்பாட்டுக்கு அரைக்கக் கொண்டுவரும் நெல் எங்கள் நெல் புத்தகத்தில் ஏறாது, அது சரிதான். ஆனால் அவர்களில் பலர் கூலியைப் பணமாகத் தராமல் அரிசியாக விட்டுப் போகிறார்கள். அந்த அரிசி மட்டும் எங்கள் அரிசி இருப்பில் ஏறிவிட்டது. நெல் இல்லாமல் அரிசி வந்தால் விகிதம் கூடத்தானே செய்யும். 'கூ' சீட்டுகளைத் தனியே பிரித்து, அந்த அரிசியை அன்றைய விலைக்கு அரவைக் கூலி வருமானமாக வரவு வைத்ததும் விகிதம் 66க்கு வந்து நின்றது. 3சிடி படிவத்தின் 35ஆம் பிரிவுக்கான அட்டவணையை அதன்பிறகுதான் தங்களுக்கு அனுப்பினோம். மில் மின்மீட்டர் கணக்கையும் அதோடு ஒட்டிப் பார்த்தேன், பொருந்தியது.

ஒரு விகிதத்தைப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடியே எங்கள் கம்பிச் சீட்டு வரைக்கும் கையை நீட்டிய ஆள் யார் என்று அன்றைக்கு யோசித்தேன். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் சென்னைக்கும் கோவைக்கும் போகிறார்கள். பெரிய அலுவலகத்தின் பெயர் பிற்பாடு வேலை தேடும்போது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே சேர்ந்த ஒரு தோழி, ஒரே வாடிக்கையாளரின் டி.டி.எஸ். சரிபார்ப்பிலேயே முதல் வருடத்தைக் கழித்தாள். அந்த நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. சின்ன அலுவலகத்தில் வவுச்சர் தொடங்கி தாங்கள் கையெழுத்துப் போடும் பக்கம் வரை ஒரே ஃபைலில் கூடவே வரலாம். நோட்டீஸ் வந்தால் பதில் எப்படி எழுதப்படுகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கலாம். பீடி ஒப்பந்தக்காரர், பாத்திரக்கடை, உரக்கடை, கூட்டுறவுச் சங்கம் என்று இந்த ஊர்க் கணக்குகள்தான் நான் பிற்காலத்தில் பார்க்கப்போகும் கணக்குகளும். பெயருக்குப் பதிவு செய்துகொண்டு வேறெங்கோ வேலை பார்க்கிற எண்ணமும் எனக்கு இல்லை. அப்படி ஓர் ஏற்பாட்டை ஒருவர் சொல்லவும் செய்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

எனக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. நெல் கொள்முதலில் யாருக்குப் பணமாகக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதில் மில்லில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன். உழவரிடம் நேரே வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் வரம்பு தடையில்லை, வியாபாரியிடம் வாங்கினால் தடை உண்டு. பில்லைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் உழவர் என்று சொல்பவரிடம் அடங்கல் நகல் ஒன்று வாங்கிப் பில்லோடு பின் அடித்துவிடுகிறோம். வியாபாரி என்றால் பேங்க் வழியாக மட்டும். முதல் சில வாரம் ஏச்சு கேட்டேன், அப்புறம் அவர்களே நகலோடு வர ஆரம்பித்தார்கள். என் அம்மா பீடி சுற்றுபவர். சிட்டையில் ஒப்பந்தக்காரர் போடும் கணக்கை வாராவாரம் சரிபார்த்தே வளர்ந்தவள் என்பதால், பென்சில் கணக்கும் துண்டுச் சீட்டும் எனக்கு அந்நியமில்லை. எக்செல் நன்றாக வரும்.

தெரியாதது நிறைய. கம்பெனிக் கணக்கை நேரில் பார்த்ததில்லை, அட்டவணை மூன்றின் வடிவம் பாடமாக மட்டும் தெரியும். பேங்க் கிளைத் தணிக்கைக்குப் போனதில்லை. ஆங்கிலத்தில் எழுதுவேன், பேசும்போது கொஞ்சம் திணறுவேன்.

ஒரு விஷயத்தைத் தாங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என்னைச் சேர்த்துக்கொண்டால் எங்கள் மில்லின் ஃபைலை என்னிடம் தரக் கூடாது. நடப்பு ஆண்டுக் கணக்கில் ஒன்பது மாதம் நான் எழுதியதாக இருக்கும். நானே எழுதியதை நானே தணிக்கை செய்வது முறையில்லை. முதலாளியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். நான் தங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். பிசான அறுவடை தொடங்குமுன் அவருடைய தங்கை மகனுக்கு வேலையைப் பழக்கிக் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் தை என்றேன். மார்கழிக்குள் வா என்றால் கஷ்டம்.

பயிற்சிக் காலத்தில் தேர்வு லீவு கேட்டு அலுவலகத்தைப் பாதியில் விட்டுப் போவேனோ என்ற கவலை தங்களுக்கு இருக்கலாம். புதிய திட்டத்தில் அதற்கு இடமில்லை. இன்டர்மீடியட் முழுவதும் முடித்த பிறகுதான் சேருகிறேன். இரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்து, ஆறு மாதம் படித்த பின்னரே இறுதித் தேர்வு. வருடத்துக்கு 12 நாள் விடுப்புதான் உண்டு, அதையும் செப்டம்பர் நெருக்கடியில் எடுக்க மாட்டேன். இணையத்தில் எழுத வேண்டிய மாட்யூல்களை இரவில் வீட்டிலிருந்து முடித்துக்கொள்வேன்.

உதவித்தொகை விஷயத்தில் இன்ஸ்டிடியூட் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தொகை எனக்குப் போதும். செங்கோட்டை பாசஞ்சரில் சீசன் டிக்கெட் எடுத்து வந்துபோவேன். சாயங்கால வண்டியைத் தவறவிடும்படி வேலை இருந்தால் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம், அவரிடம் கேட்டுவிட்டேன். வெளியூர்த் தணிக்கைக்கு அனுப்பினாலும் வீட்டில் தடை இல்லை.

தங்கள் அலுவலகத்திலிருந்து இருப்பு பார்க்க வந்த அக்கா, டிசம்பரோடு தன் பயிற்சி முடிவதாகச் சொன்னார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. பார்க்கவில்லை என்றால் நேரில் வர ஒரு நாள் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் எந்த நாளும் வருவேன், முதல் நாளே சொன்னால் காலையிலும் வரலாம். டாலியிலோ எக்செலிலோ ஏதாவது வேலை கொடுத்துச் சோதித்துப் பார்த்தாலும் சரி. 71 கிலோ கேள்விக்காக நான் தயாரித்த ஒப்புநோக்குத் தாளை முதலாளியின் அனுமதியோடு இணைத்திருக்கிறேன். அதில் குறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இடம் இல்லையென்றாலும் ஒரு வரி தெரிவித்தால், டிசம்பருக்குள் தென்காசிப் பக்கம் வேறு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். என் கைப்பேசி எண் பயோடேட்டாவில் உள்ளது. காலையில் மெஷின் சத்தத்தில் மணி அடிப்பது கேட்காது, அழைப்பைப் பார்த்ததும் நானே திருப்பிக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. காந்திமதி

இணைப்பு: பயோடேட்டா, பட்டச் சான்றிதழ் நகல், இன்டர்மீடியட் மதிப்பெண் பட்டியல்கள், ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். சான்றிதழ்கள், கார் பருவ நெல்–அரிசி ஒப்புநோக்குத் தாள்.